தட்டு எங்கே தொலைந்தது? இயர்பட்ஸ் தொடு கட்டுப்பாடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

இயர்பட்ஸைத் தட்டுகிறோம், ஒன்றும் நடக்கவில்லை. உடனே நம் கை போவது ஃபோனின் ப்ளூடூத் பக்கத்துக்குத்தான். துண்டித்து மறுபடி இணைக்கிறோம். அதிலும் சரியாகவில்லை என்றால் ரீசெட். சில நேரம் இதில் சரியாகிவிடும், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே தொல்லை திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். போதாததற்கு, ரீசெட் செய்தால் நாம் மெனக்கெட்டு மாற்றி வைத்த தட்டுகளும் பெரும்பாலும் பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் இந்த வழிமுறையில் ரீசெட் கடைசியில்தான் வரும்.

ஒரு தட்டு பாட்டை நிறுத்த வேண்டுமானால் அது மூன்று கை மாற வேண்டும். முதலில் விரல் பட்டதை இயர்பட்டில் இருக்கும் சென்சார் உணர வேண்டும். அடுத்து உள்ளே இருக்கும் சிப், வந்தது ஒற்றைத் தட்டா, இரட்டைத் தட்டா, அழுத்திப் பிடித்ததா என்று எண்ணி, அதற்கு என்ன வேலை ஒதுக்கியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அப்புறம் அந்தக் கட்டளை ப்ளூடூத் வழியாக ஃபோனுக்குப் போய், ஃபோன் அதைச் சரியான ஆப்பிடம் கொடுக்க வேண்டும். தட்டு எந்தக் கையில் தொலைந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் இந்த ஒரு சோதனை

பெரும்பாலான இயர்பட்ஸ் தட்டும்போது காதுக்குள் சின்னதாக ஒரு ‘டுக்’ சத்தம் கொடுக்கும். சில மாடல்களில் அதை, இயர்பட்ஸ் நிறுவனம் தரும் ஆப்பில் தனியாக ஆன் செய்ய வேண்டியிருக்கும். பாட்டு எதுவும் ஓடாமல், அமைதியான இடத்தில் இரண்டு பட்ஸையும் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இயர்பட் தட்டை உணர்ந்துவிட்டது, கோளாறு அதை எண்ணுவதிலோ, ஒதுக்கிய வேலையிலோ, ஃபோன் பக்கமோ இருக்கும். சத்தமே கேட்கவில்லை என்றால் ஃபோனின் ப்ளூடூத்தைத் தொடவே வேண்டாம், கோளாறு காதோரத்தில்தான் இருக்கிறது.

சத்தம் தராத மாடல் என்றால் இன்னொரு வழி உண்டு. வெளிச்சத்தம் குறைக்கும் வசதி இருந்தால், அழுத்திப் பிடிப்பதற்கு அந்த வசதியை மாற்றும் வேலையை ஒதுக்கிப் பாருங்கள். இந்த மாற்றம் முழுக்க இயர்பட்டுக்குள்ளேயே நடப்பது, அதற்கு ஃபோனின் தயவு தேவையில்லை. அழுத்தினால் வெளிச்சத்தம் குறைகிறது, கூடுகிறது, ஆனால் பாட்டு மட்டும் நிற்க மறுக்கிறது என்றால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, குறை வேறெங்கோ என்று தைரியமாகச் சொல்லலாம். என்னிடம் யார் இயர்பட்ஸைக் கொண்டுவந்து நீட்டினாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

தட்டினால் சத்தமே இல்லை, அல்லது ஒரு காதில் மட்டும் இல்லை

இங்கே பலரும் சந்தேகப்படாத ஓர் ஆசாமி இருக்கிறது. காதில் வைத்திருக்கிறோமா என்று பார்க்கும் சென்சார். பல மாடல்களில், காதில் இல்லாத இயர்பட்டின் தொடுபரப்பு தானாகச் செயலிழந்துவிடும். கையில் எடுக்கும்போதும் பையில் போடும்போதும் பாட்டு மாறாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். காதில் இருக்கிறதா என்று பார்ப்பது, பல மாடல்களில், காதுப் பக்கம் பார்த்தபடி இருக்கும் மிளகளவு கறுப்பு ஜன்னல். அதில் காது மெழுகு படிந்தாலோ, இயர்பட் சரியாகப் பொருந்தாமல் காதிலிருந்து கொஞ்சம் விலகியே நின்றாலோ, ‘நான் காதில் இல்லை’ என்று அது முடிவு கட்டிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு தட்டினாலும் சுவரைத் தட்டுவது போலத்தான்.

இதுதானா என்று உறுதிசெய்வது எளிது. பாட்டை ஓடவிட்டு, சந்தேகத்துக்குரிய இயர்பட்டைக் காதிலிருந்து எடுங்கள். பாட்டு நிற்க வேண்டும். திரும்ப வைத்தால் மறுபடி ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒழுங்காக நின்று ஓடுகிறது, இன்னொரு பக்கம் எடுத்தாலும் வைத்தாலும் அசையவில்லை என்றால் அந்தக் கறுப்பு ஜன்னலைக் காய்ந்த மென்மையான துணியாலோ பஞ்சுக் குச்சியாலோ துடையுங்கள். தண்ணீரோ வேறு திரவமோ ஊற்ற வேண்டாம், பக்கத்திலேயே ஒலி வரும் வலை இருக்கிறது, உள்ளே இறங்கிவிடும். துடைத்தும் மாறவில்லை என்றால் ஆப்பில் காதில் வைத்ததைக் கண்டறியும் வசதியை அணைத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். இப்போது தட்டு வேலை செய்தால் தொடுபரப்பின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அடுத்தது தொடுபரப்பு. பெரும்பாலான மாடல்களில் இது ஃபோன் திரையைப் போலவே, விரல் அருகே வரும்போது மின்தேக்கம் மாறுவதை அளக்கும் சென்சார். அது எப்போதும் ‘விரல் இல்லாதபோது இவ்வளவு’ என்று ஓர் அடிப்படை அளவை மனதில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றுதான் பார்க்கும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது தொடுபரப்பின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுத்தால் சில மாடல்களில் அந்த அடிப்படை தவறாகப் பதிந்துவிடும். இயர்பட்டைப் பெட்டியில் வைத்து மூடி, பத்து வினாடி கழித்து, இந்த முறை ஓரத்தைப் பிடித்து எடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் ‘திடீரென்று தட்டு வேலை செய்யவில்லை’ என்பவற்றில் பல இத்தோடு தீர்ந்துவிடும். அழகுக்காக ஒட்டிய ஸ்டிக்கரும், மேலே மாட்டும் சிலிகான் உறையும் இதே வேலையைக் கெடுப்பவைதான், கழற்றிவிட்டுச் சோதியுங்கள். கையுறை போட்ட விரலை இந்தச் சென்சாருக்குத் தெரியாது. ஈர விரலில் அது தடுமாறும்.

எல்லா இயர்பட்ஸும் இப்படி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஏர்பாட்ஸ் முதல் இரண்டு தலைமுறைகளில் இரட்டைத் தட்டை உணர்வது அசைவை அளக்கும் சென்சார், அங்கே விரலை மெதுவாக வைத்து எடுத்தால் ஒன்றும் நடக்காது, சுண்ட வேண்டும். ஏர்பாட்ஸ் புரோவில் தட்டுவதே கிடையாது, தண்டைக் கிள்ளி அழுத்த வேண்டும். பழைய மாடலிலிருந்து புதியதற்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அது கோளாறே அல்ல.

இத்தனைக்கும் முன்னால், ஆப்பில் தொடு கட்டுப்பாட்டை மொத்தமாகப் பூட்டும் பொத்தான் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கேலக்ஸி பட்ஸின் ஆப்பில் Block touches என்று இருந்தது இதுதான். தூங்கும்போது ஆன் செய்துவிட்டு மறப்பது சகஜம்.

இரட்டைத் தட்டு ஒற்றையாகிறது, ஒற்றைத் தட்டு தாமதமாகிறது

இந்த இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். நீங்கள் ஒரு முறை தட்டியதும் சிப் உடனே வேலையைச் செய்துவிட முடியாது, இரண்டாவது தட்டு வரப்போகிறதா என்று கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு நேரம் அரை வினாடியை ஒட்டி இருக்கும். மூன்று தட்டுக்கும் ஒரு வேலை ஒதுக்கியிருந்தால் இரண்டாவது தட்டுக்குப் பின்னும் அதே காத்திருப்பு. அதனால்தான் பாட்டை நிறுத்தத் தட்டினால் அரைக் கணம் கழித்து நிற்கிறது. கருவி மெதுவானது என்று அர்த்தமில்லை, அது பொறுமையாக எண்ணுகிறது.

மறுபக்கம், இரண்டு தட்டுக்கும் நடுவே நீங்கள் அந்த நேரத்தைவிட அதிகம் எடுத்தால் அது இரண்டு ஒற்றைத் தட்டுகளாகப் பதிவாகும். பாட்டு நிற்கும், உடனே மறுபடி ஓடும். ‘அடுத்த பாட்டுக்குப் போக இரண்டு முறை தட்டினேன், பாட்டு ஒரு விக்கல் விக்கிவிட்டு அதே பாட்டே ஓடுகிறது’ என்று யாராவது சொன்னால் இதுதான் நடந்திருக்கிறது. ‘டுக் டுக்’ என்று கதவைத் தட்டும் வேகத்தில் தட்டினால் போதும். ஆனால் விரல் ஒவ்வொரு முறையும் பரப்பை விட்டு முழுதாக எழ வேண்டும். விரலை ஒட்டியே வைத்துக்கொண்டு நுனியை மட்டும் அசைத்தால் சென்சாருக்கு அது ஒரே நீண்ட தொடுகை. ரொம்ப வேகமாகத் தட்டினாலும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த வேகம் ஒத்துவராது. ஐஃபோனோடு இணைத்த ஏர்பாட்ஸ் புரோ போன்றவற்றுக்கு Accessibility பகுதியில் AirPods என்பதற்குள் Press Speed, Press and Hold Duration என்று இரண்டு இருக்கின்றன, வேகத்தைக் குறைத்து வைக்கலாம். அப்படி மாற்ற இடம் தராத மாடல் என்றால் நான் செய்யும் உபாயம் வேறு. ஒற்றைத் தட்டு வேலையை முழுதாக நீக்கிவிட்டு, நிறுத்த ஓட அழுத்திப் பிடிப்பதை வைத்துவிடுவேன். அழுத்திப் பிடிக்கத் தாளம் தேவையில்லை. ஒற்றைத் தட்டை நீக்குவதால் இன்னொரு லாபமும் இருக்கிறது, அது அடுத்த பகுதியில்.

நான் தொடவே இல்லை, தானாக மாறுகிறது

ஒற்றைத் தட்டுதான் இதற்குப் பெரும்பாலும் குற்றவாளி. முடி உராய்ந்தாலும், தொப்பி பட்டாலும், தலையணையில் சாய்ந்தாலும், மழைத்துளி விழுந்தாலும் அது ஒரு தொடுகையாகத் தெரிய வாய்ப்புண்டு. தற்செயலாக ஒரு தொடுகை வரும், சீரான தாளத்தில் இரண்டு வருவது அபூர்வம். ஆகவே முதல் மருந்து, ஒற்றைத் தட்டில் எதையும் வைக்காமல் விடுவது. ஓடும்போதும் வியர்க்கும்போதும் பயன்படுத்துகிறவர்களுக்கு நான் இதைக் கண்டிப்பாகச் சொல்வேன்.

தலையணைத் தொல்லை வேறு மாதிரி. அங்கே வருவது தட்டு அல்ல, நீண்ட அழுத்தம். நள்ளிரவில் குரல் உதவியாளர் ‘சொல்லுங்கள்’ என்று எழுப்புவது அழுத்திப் பிடிப்பதில் அதை வைத்திருப்பவர்களுக்குத்தான் நடக்கும். படுத்துக்கொண்டு கேட்பவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்க இயர்பட்டில் அழுத்திப் பிடிப்பதைக் காலியாக விடுங்கள், மறுபக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இடது வலது தனித்தனியாக மாற்ற அனுமதிக்காத ஆப் என்றால் படுக்கும் முன் மொத்தப் பூட்டுதான் வழி.

சத்தம் கேட்கிறது, ஆனால் வேறெதுவோ ஓடுகிறது

இப்போது ஃபோன் பக்கம் வந்துவிட்டோம். ‘ஓடு’, ‘நில்’, ‘அடுத்தது’ என்ற கட்டளைகளில் ஆப்பின் பெயர் இருக்காது. இயர்பட்டுக்கு உங்கள் ஃபோனில் என்ன ஆப் இருக்கிறது என்றே தெரியாது. அது வெறுமனே ‘ஓடு’ என்கிறது, யாரிடம் கொடுப்பது என்று ஃபோன் முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்டில் 8-ஆம் பதிப்பிலிருந்து, கடைசியாக எந்த ஆப் சத்தம் எழுப்பியதோ அதற்குத்தான் அந்தக் கட்டளை போகும். காலையில் பாட்டுக் கேட்டீர்கள், நடுவில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவை அரை நிமிடம் பார்த்தீர்கள். இப்போது தட்டினால் பாட்டு வராது, அந்த வீடியோதான் வரும், அல்லது வீடியோ ஆப் மூடப்பட்டிருந்தால் ஒன்றுமே நடக்காமல் போகலாம். தீர்வு மிகச் சாதாரணம். பாட்டு ஆப்பைத் திறந்து ஒரு முறை திரையிலேயே ஓடவிடுங்கள், அதற்கப்புறம் தட்டுகள் அதற்கே போகும்.

யார் கையில் கட்டளை போகிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், ஆண்ட்ராய்டு ஃபோனில் USB debugging என்பதை ஆன் செய்து, adb என்ற கருவி நிறுவிய கணினியோடு இணைத்து இதை ஓட்டலாம்:

```
adb shell dumpsys media_session
```

வரும் நீளமான எழுத்துக்கூட்டத்தில் Media button session is என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் எதிரே இருப்பதுதான் இப்போது தட்டுகளை வாங்கும் ஆப். இது தேவையே இல்லாத ஆராய்ச்சிதான், ஆனால் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு இயர்பட்டைத் திட்ட மனம் வராது.

இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணையும் வசதி உள்ள இயர்பட்ஸில் இதே குழப்பம் இன்னொரு மாடி ஏறும். ஃபோனும் லேப்டாப்பும் இணைந்திருக்கும்போது கடைசியாகச் சத்தம் வந்தது லேப்டாப்பிலிருந்து என்றால் தட்டு அங்கே போகும். நீங்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு ‘ஏன் வரவில்லை’ என்று நிற்பீர்கள், ஓரமாக வைத்த லேப்டாப்பின் ப்ரௌசரில் எங்கேயோ ஒரு பக்கம் ஓடத் தொடங்கியிருக்கும். ஐந்து நிமிடம் லேப்டாப்பின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுத் தட்டுங்கள். சரியாக வேலை செய்தால் விடை கிடைத்துவிட்டது.

பாட்டுக்குத் தட்டு வேலை செய்கிறது, அழைப்புக்கு இல்லை

பாட்டுக்கான கட்டளைகளும் அழைப்புக்கான கட்டளைகளும் ப்ளூடூத்தில் ஒரே வழியில் போவதில்லை. நிறுத்து, ஓடு, அடுத்தது எல்லாம் ஏவிஆர்சிபி என்ற ஒரு வழி. அழைப்பை எடுப்பது, துண்டிப்பது, குரல் உதவியாளரைக் கூப்பிடுவது எல்லாம் எச்எஃப்பி என்ற இன்னொரு வழி. பெயர்களை மறந்துவிடலாம், இரண்டும் தனித்தனி என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் பட்டியலில் இயர்பட்ஸின் பெயருக்கு அருகே இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால் Phone calls, Media audio போல இரண்டு தனிச் சுவிட்சுகள் தெரியும், ஃபோனுக்கு ஃபோன் பெயர் கொஞ்சம் மாறும். முதலாவது அணைந்திருந்தால் பாட்டு அருமையாக வரும், தட்டினால் நிற்கும், ஆனால் அழைப்பு காதுக்கே வராது, குரல் உதவியாளரும் வராது. அழைப்பும் உதவியாளரும் சேர்ந்தே படுத்துவிட்டன என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சாதாரண அழைப்பைத் தட்டி எடுக்க முடிகிறது, ஆனால் அரட்டை ஆப்பில் வரும் அழைப்பை எடுக்க முடியவில்லை என்றால் அது வேறு கதை. இணைய வழி அழைப்புகளை அந்தந்த ஆப் முறையாக ஃபோனின் அழைப்பு அமைப்போடு பதிவு செய்திருந்தால்தான் தட்டு அங்கே போய்ச் சேரும். பதிவு செய்யாத ஆப்பைப் பொறுத்தவரை உங்கள் தட்டு காற்றில் கரைந்துவிடும். இயர்பட்ஸின் அமைப்பில் எதை மாற்றினாலும் பயனில்லை, திரையில்தான் எடுக்க வேண்டும். கணினியில் நடக்கும் வீடியோ கூட்டங்களுக்கும் பெரும்பாலும் இதே நிலைமை.

மைக்கை மூடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல மாடல்களில் அழைப்பின்போது மைக்கை மூடும் தட்டு, இயர்பட்டுக்குள் மட்டும் மைக்கை மூடும், ஃபோனுக்கு அதைச் சொல்லாது. திரையில் மைக் திறந்திருப்பதாகவே காட்டும். நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள், மறுமுனையில் ‘ஹலோ, ஹலோ’. இப்படி நடந்தால் திரையை நம்ப வேண்டாம், ஒரு முறை தட்டிப் பாருங்கள். மைக்கை மூட ஒரே ஓர் இடத்தை, தட்டையோ திரையையோ, வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

சில மாடல்களில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பாட்டு ஓடாத நேரத்தில் இரட்டைத் தட்டு, நீங்கள் கடைசியாக அழைத்த எண்ணுக்கு மறுபடி அழைக்கும். ப்ளூடூத்தில் அதற்கென்றே ஒரு பழைய கட்டளை இருக்கிறது. ‘நான் கூப்பிடவே இல்லை, எப்படிப் போனது?’ என்று தலையைச் சொறிபவர்கள் கையேட்டில் மறுஅழைப்பு என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ஆப்பில் மாற்ற இடம் இருந்தால் முதல் வேலையாக அதை நீக்குங்கள்.

அழைப்பு தானாகத் துண்டிக்கிறது: அக்காவின் வழக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் மூன்று கைகளும் வருகின்றன. என் அக்காவுக்கு வேலையே ஃபோனில் பேசுவதுதான். புதிதாக வாங்கிய இயர்பட்ஸில் சில அழைப்புகள் நடுவில் தானாகத் துண்டித்துக்கொண்டன. அவள் முதலில் நெட்வொர்க்கைத் திட்டினாள், அப்புறம் ஃபோனை, கடைசியில் என்னை, ஏனென்றால் அந்த மாடலைச் சொன்னது நான்.

“எப்போது கட்டாகிறது, பேச ஆரம்பித்ததுமேவா?” என்று கேட்டேன்.

“இல்லடா, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான். பத்து நிமிடம் ஆன பிறகு.”

நெட்வொர்க் பிரச்சினை என்றால் ஃபோனை நேராகக் காதில் வைத்தாலும் கட்டாக வேண்டும். ஒரு நாள் முழுக்க இயர்பட்ஸ் இல்லாமல் பேசச் சொன்னேன், ஒன்றுகூடக் கட்டாகவில்லை. அடுத்த நாள் இடது இயர்பட்டை மட்டும் போட்டுப் பேசினாள், அப்போதும் கட்டாகவில்லை. வலதை மட்டும் போட்டபோது மதியத்துக்குள் இரண்டு முறை கட்டாகியது. ஆக வலது பக்கம். சென்சார் கெட்டுவிட்டது என்று நானே நினைத்து, எதிரே உட்கார்ந்து அவள் பேசுவதைக் கவனித்தேன். அழைப்பு துண்டிக்கப்படவிருந்த அந்த நொடியில் அவள் வலது கை காதுக்குப் போய் இயர்பட்டை உள்ளே ஓர் அழுத்து அழுத்தி, சரியாக உட்காரவில்லை என்று இன்னோர் அழுத்து அழுத்தியது. தொடுபரப்பின் நடுவே, இரண்டு முறை, கதவைத் தட்டும் வேகத்தில். அந்த மாடலில் அழைப்பின்போது இரட்டைத் தட்டு என்றால் துண்டிப்பு.

வலது காதில் இயர்பட் நழுவிக்கொண்டே இருந்ததுதான் மூலம். தாடை அசைய அசையப் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும், அவளுக்கே தெரியாமல் கை அதைத் தள்ளும். இரண்டு வேலை செய்தோம். வலது பக்கம் மட்டும் ஒரு சுற்று பெரிய ரப்பர் முனையை மாட்டினோம், காது இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆப்பில் பாட்டுக்கான தட்டுகள் ஒரு பக்கமும் அழைப்புக்கான தட்டுகள் அதற்குக் கீழே தனியாகவும் இருந்தன. இந்தப் பிரிவை அவள் பார்த்ததே இல்லை, மேலே இருந்த இரட்டைத் தட்டை மாற்றிவிட்டு ‘மாற்றிவிட்டேனே’ என்று இருந்திருக்கிறாள். கீழே அழைப்புக்கான இரட்டைத் தட்டை அணைத்தோம், அழைப்பைத் திரையிலேயே எடுக்கவும் வைக்கவும் பழகிக்கொண்டாள். அதற்கப்புறம் நடுவில் கட்டாகவில்லை.

இதே அறிகுறி உங்களுக்கு இருந்தால் சோதனையின் வரிசையை அப்படியே செய்யுங்கள். இயர்பட்ஸ் இல்லாமல், இடது மட்டும், வலது மட்டும். உங்கள் ஆப்பில் அழைப்புத் தட்டுகளை மாற்றவே இடமில்லை என்றால், இயர்பட்டைச் சரிசெய்யும்போது நடுவைத் தொடாமல் மேல், கீழ் ஓரங்களைப் பிடித்துத் திருகும் பழக்கம் ஒன்றுதான் காப்பு.

அழுத்திப் பிடித்தால் குரல் உதவியாளர் வரவில்லை

அழுத்தினால் சத்தமே இல்லை என்றால் முதல் பகுதிக்குப் போங்கள். சத்தம் வந்து வெளிச்சத்தம் மாறுகிறது என்றால் அந்தப் பக்கம் அழுத்திப் பிடிப்பதற்கு வேறு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பல மாடல்களில் ஒரு பக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும். இடதில் சத்தக் குறைப்பு, வலதில் உதவியாளர் என்று பிரிப்பது நடைமுறைக்கு வசதி. ஏர்பாட்ஸ் புரோவில் இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக இந்தத் தேர்வு இருக்கிறது.

சத்தம் வருகிறது, ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் உண்மையான சிக்கல். திரையைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். திறந்திருக்கும்போது வருகிறது, பூட்டியிருக்கும்போது வரவில்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை. ஐஃபோனில் சிரியின் அமைப்பில் Allow Siri When Locked என்பது ஆனில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் பூட்டிய நிலையில் ப்ளூடூத் கருவியிலிருந்து வரும் கோரிக்கையை ஏற்கும் அனுமதி, உதவியாளரின் குரல் அமைப்புகளுக்குள் இருக்கும்.

திறந்திருந்தாலும் வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டில் இயல்பாகத் திறக்கும் ஆப்களின் பட்டியலில் Digital assistant app என்ற இடத்தைப் பாருங்கள். None என்று இருந்தால் கூப்பிட்டால் வர அங்கே ஆளே இல்லை. அதுவும் சரியாக இருந்தால், மேலே சொன்ன Phone calls சுவிட்ச். இன்னும் ஒன்று: இயர்பட்ஸின் ஆப்பிலேயே குறிப்பிட்ட ஓர் உதவியாளரின் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தால், பல நேரம் அந்தக் கோரிக்கை இயர்பட்ஸின் ஆப் வழியாகத்தான் போகும். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று ஃபோன் அந்த ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிட்டால் உதவியாளரும் வராது. பெட்டியிலிருந்து எடுத்ததும் வேலை செய்கிறது, ஒரு மணி நேரம் கழித்து நின்றுவிடுகிறது என்பது இதன் அடையாளம். அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை விலக்குங்கள்.

ஏர்பாட்ஸை ஆண்ட்ராய்டோடு இணைத்துவிட்டு அழுத்திப் பிடித்தால் சிரியும் வராது. இது கோளாறு அல்ல, தேடித் திருத்த ஒன்றும் இல்லை. ஓடு, நில் வேலை செய்யும்.

மாற்றினேன், மறுபடி பழையபடி ஆகிவிட்டது

எந்தத் தட்டுக்கு என்ன வேலை என்ற பட்டியல் பெரும்பாலும் ஃபோனில் இல்லை, இயர்பட்டுக்குள்ளேயே பதிகிறது. ஆப் அதை எழுதிக் கொடுக்கும் எழுத்தர் மட்டும்தான். அதனால்தான் ஒரு ஃபோனில் மாற்றியது இன்னொரு ஃபோனிலும் அப்படியே வேலை செய்கிறது. ஒரு இயர்பட் பெட்டிக்குள் இருக்கும்போது ஆப்பில் மாற்றினால் வெளியே இருந்ததில் மட்டும் பதிய வாய்ப்புண்டு. மாற்றும்போது இரண்டும் வெளியே, இரண்டும் இணைந்து இருக்கட்டும். மாற்றிய பின் ஆப்பை முழுதாக மூடித் திறந்து, நீங்கள் வைத்தது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே காதில் போட்டுப் பேசுகிறவர்கள் இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இடதில் முந்தைய பாட்டு, வலதில் அடுத்த பாட்டு என்று பிரித்து வைத்துவிட்டு வலதை மட்டும் போட்டுக்கொண்டால், முந்தைய பாட்டுக்குப் போக வழியில்லை. அப்படிப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் ஒரே வேலைகளை வைத்துக்கொள்வது உத்தமம்: இரட்டைத் தட்டு அடுத்தது, மூன்று தட்டு முந்தையது.

இயர்பட்ஸின் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு தட்டுகள் தலைகீழாகிவிட்டன என்றால் ஆப்பில் எல்லாம் பழையபடி காட்டினாலும் நம்ப வேண்டாம். வேண்டுமென்றே ஒரு தட்டை வேறு வேலைக்கு மாற்றிச் சேமித்து, மறுபடி நீங்கள் விரும்பியதற்குத் திருப்புங்கள். அப்போதுதான் ஆப் பட்டியலைப் புதிதாக எழுதி அனுப்பும். இதிலும் சரியாகவில்லை என்றால், இப்போது ரீசெட் செய்யலாம். அதற்கு முன் கட்டுப்பாட்டுப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஃபோனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்தும் இயர்பட்ஸை நீக்குங்கள். ரீசெட்டுக்குப் பிறகும் அந்தப் பக்க இயர்பட் முதல் சோதனையில் ‘டுக்’ சொல்ல மறுத்தால் அது வன்பொருள் கோளாறு. உத்தரவாதச் சீட்டைத் தேடி எடுங்கள்.